வினாவின் வாலில் போன 7 புள்ளிகள்

கொக்குவிலில் என் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை தோறும் ஒரு சிறிய வகுப்பு நடக்கிறது. அரசாங்க சேவைக்கான போட்டிப் பரீட்சைகளுக்குத் தோற்றுகிறவர்கள் ஏழெட்டுப் பேர் வருவார்கள். நான் சொல்லிக்கொடுப்பது நுண்ணறிவு வினாத்தாள் ஒன்றைத்தான். கீழே வருவது அவர்களில் ஒரு பட்டதாரித் தம்பியைப் பற்றியது. அவருடைய பெயரைத் தவிர்த்து, அவருக்கு நான் எழுதிய கடிதத்தை அவருடைய சம்மதத்தோடு இங்கே தருகிறேன்.

அவர் என்னிடம் ஐந்து மாதிரி வினாத்தாள்கள் செய்தார். ஒவ்வொன்றிலும் 50 வினாக்கள், 60 நிமிடங்கள். பெற்ற புள்ளிகள் 34, 33, 34, 35, 34. என்னை உறுத்தியது இந்தத் தட்டைதான். முறை தெரியாதவருக்குப் பயிற்சி கூடினால் புள்ளியும் கூடும், மெதுவாகவேனும் கூடும். இவரோ வீட்டில் கட்டுக்கட்டாகக் கடந்தகால வினாத்தாள்கள் செய்துகொண்டிருந்தார். வேகம் கூடியது, புள்ளி அசையவில்லை. மூன்றாவது வினாத்தாளை 47 நிமிடங்களில் முடித்துவிட்டு, மிச்சம் 13 நிமிடங்களும் கொய்யா மரத்தைப் பார்த்தபடி இருந்தார்.

அந்த மூன்றாவது வினாத்தாளையே எடுத்துக்கொண்டேன். 16 வினாக்கள் பிழை. இரண்டு கிழமை கழித்து, அந்தப் பதினாறையும் மட்டும் புதிய தாளில் எழுதி, முன்பு எந்த விடையைத் தெரிவுசெய்தார் என்று காட்டாமல், நேரக் கட்டுப்பாடும் இல்லாமல் அவரிடம் கொடுத்தேன். ஒவ்வொரு வினாவையும் கடைசிச் சொல் வரை சத்தமாக வாசித்துவிட்டுச் செய்யும்படி சொன்னேன். வேறு எந்த உதவியும் செய்யவில்லை. பதினாறில் 11 சரியாக வந்தன. மிச்சம் ஐந்தும் உண்மையிலேயே தெரியாதவை: கனவுரு மடிப்பில் இரண்டு, குறியீட்டுச் சொற்களில் மூன்று. அவற்றுக்குப் பாடம் நடத்தினால் போதும்.

பிறகு அந்தப் பதினொன்றும் வினாத்தாளில் எங்கே இருந்தன என்று பார்த்தேன். ஒன்பது முதல் 25 வினாக்களுக்குள் இருந்தன, அதாவது இலகுவான பாதியில். அறியாமையால் வரும் பிழை கடினமான வினாக்களில் கூடும். வாசிப்புப் பிழை, பழகிய வினாக்களில்தான் கூடும். இந்த ஒரு வித்தியாசத்தைப் பார்த்தாலே நோய் எது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

நேரில் சொல்லாமல் ஏன் கடிதம் எழுதினேன் என்றால், நேரில் ஏற்கெனவே பலமுறை சொல்லிவிட்டேன். "கவனமாக வாசியும்" என்றால் தலையாட்டுவார். எதைக் கவனிப்பது என்று நானும் சொன்னதில்லை.

*

அன்புள்ள தம்பிக்கு,

உமது மூன்றாவது வினாத்தாளை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். ஆறுதலாக வாசியும், கடைசி வரியையும் வாசியும்.

முதலில் 7ஆம் வினா. "சங்கக்கடை வரிசையில் குமரன் முன்னிருந்து 9ஆவதாகவும் பின்னிருந்து 14ஆவதாகவும் நிற்கிறான். அவனைத் தவிர அந்த வரிசையில் எத்தனை பேர் நிற்கிறார்கள்?" தரப்பட்ட விடைகள் 21, 22, 23, 24. நீர் 22 என்று அடையாளமிட்டிருக்கிறீர். ஒன்பதையும் பதினாலையும் கூட்டி, குமரன் இரண்டு முறை எண்ணப்பட்டதால் ஒன்றைக் கழித்தால் 22. கணக்கு சுத்தம். ஆனால் அது வரிசையில் மொத்தம் எத்தனை பேர் என்பதற்கான விடை. கேட்டது குமரனைத் தவிர எத்தனை பேர் என்பது. விடை 21.

இந்த வினாவை அமைத்தவன் நான். 22 அங்கே தற்செயலாக வரவில்லை. மொத்தத்தைக் கண்டுபிடித்துவிட்டு நின்றுவிடுபவருக்காக 22ஐ வைத்தேன். ஒன்றைக் கழிக்க மறப்பவருக்காக 23ஐ வைத்தேன். பிழையான விடைகளை இப்படித்தான் தயாரிப்போம்: ஒவ்வொரு பிழையும் எங்கே போய் முடியும் என்று பார்த்து, அங்கே ஒரு விடையை வைப்பது. ஆகவே உமக்கு வந்த விடை தரப்பட்டவற்றில் இருக்கிறது என்பதால் அது சரியென்று ஆகாது. உமக்கோ அந்த விடையைக் கண்டவுடன் நிம்மதி வந்திருக்கிறது.

இனி உமது பிழைகளை நீரே பார்க்கும்போது ஒரு கேள்வியைக் கேட்டுப்பாரும்: "இந்த விடை எந்த வினாவுக்குச் சரியாக இருந்திருக்கும்?" அப்படி ஒரு வினா அகப்பட்டால் அது வாசிப்புப் பிழை. ஒன்றும் அகப்படாவிட்டால் அது முறைப் பிழை, அல்லது கணிப்புப் பிழை. உமது பதினொன்றில் ஏழுக்கு இப்படி ஒரு வினா அகப்பட்டது. அந்த ஏழும் ஒரே இடத்தில் நடந்திருக்கின்றன: வாக்கியத்தின் வாலில்.

நம்முடைய மொழியின் அமைப்பை ஒரு நிமிடம் யோசியும். தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். மறுப்பு அந்த வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும். "இருக்க வேண்டியது எது", "இருக்கக்கூடியது எது", "இருக்க முடியாதது எது" ஆகிய மூன்றும் "இருக்க" வரை ஒன்றேதான். பிரிவது அதற்குப் பிறகுதான். வினா பாதி ஓடும்போதே அது என்ன வகை என்று உமக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்தவுடன் கண் விடைகளுக்குத் தாவுகிறது. கேட்கப்பட்டது என்ன என்பதோ கண் விட்டுப்போன அந்த இரண்டு மூன்று சொற்களில் இருக்கிறது.

19ஆம் வினாவைப் பாரும். வாணி, நளா, சுபா, மாலா நால்வரும் ஒரு வாங்கில் வரிசையாக வடக்கு நோக்கி அமர்ந்திருக்கிறார்கள். வாணி நளாவுக்கு உடனடி இடப்பக்கத்தில் இருக்கிறார். மாலா எந்த ஓரத்திலும் இல்லை. "பின்வருவனவற்றுள் கட்டாயம் உண்மையாக இருக்க வேண்டியது எது?" உமது விடை, வாணி இடது ஓரத்தில் இருக்கிறார் என்பது.

உமது தாளின் ஓரத்தில் ஒரு வரைபு இருக்கிறது: வாணி, நளா, மாலா, சுபா. நிபந்தனை இரண்டுக்கும் பொருந்துகிறது. அங்கே வாணி இடது ஓரத்தில் இருக்கிறார். முடிந்தது என்று நினைத்துவிட்டீர். ஆனால் சுபா, மாலா, வாணி, நளா என்றும் அமரலாம். அதுவும் இரண்டு நிபந்தனைகளுக்கும் பொருந்தும். அங்கே வாணி மூன்றாவது. இந்த இரண்டைத் தவிர மூன்றாவது அமைப்பு கிடையாது, ஏனென்றால் வாணியும் நளாவும் நடுவில் இருந்தால் மாலா ஓரத்துக்குத் தள்ளப்படுவார். இரண்டு அமைப்பிலும் மாறாமல் இருப்பது ஒன்று: மாலாவும் சுபாவும் அருகருகே இருப்பது. அது மூன்றாவது விடையாக அங்கே இருந்தது.

நீர் விடையளித்தது "உண்மையாக இருக்கக்கூடியது எது" என்ற வினாவுக்கு. "கூடியது" என்றால் ஒரு படம் வரைந்தால் போதும். "வேண்டியது" என்றால் எல்லாப் படங்களையும் வரைய வேண்டும். "முடியாதது" என்றாலும் எல்லாவற்றையும் வரைய வேண்டும். வால் மாறினால் விடை மட்டும் மாறுவதில்லை, செய்யவேண்டிய வேலையே மாறுகிறது. அதனால்தான் வாலை வேலை தொடங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

இன்னொன்று, 11ஆம் வினா. "ராசனின் தாயின் ஒரே சகோதரர் சிவம். சிவத்துக்கு ராசன் என்ன உறவு?" நீர் மாமா என்று போட்டிருக்கிறீர். கலியாண வீட்டுப் பந்தலில் யார் யாருக்கு என்ன முறை என்று கேட்டால் நீர் ஒருநாளும் பிழைவிட மாட்டீர். இங்கே உம்மை விழுத்தியது "க்கு" என்ற ஓர் உருபு. ராசனுக்குச் சிவம் மாமா. சிவத்துக்கு ராசன் மருமகன். இரண்டு பெயர்களில் "க்கு" எதோடு ஒட்டியிருக்கிறதோ அவருடைய இடத்தில் போய் நின்றுகொண்டு கூப்பிட்டுப் பாரும்.

இந்த ஓட்டத்தை உமக்குப் பழக்கியதில் என் பங்கும் இருக்கிறது. "இது வரிசைக் கணக்கு, முன்னும் பின்னும் கூட்டி ஒன்றைக் கழி" என்று கரும்பலகையில் எழுதிக்கொடுத்தவன் நான்தான். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்த நாளிலிருந்தே நீங்கள் எல்லோரும் வினாவின் முகத்தைப் பார்த்து வகையைச் சொல்லப் பழகியவர்கள். வகை தெரிந்தால் வேகம் வரும், உண்மை. ஆனால் வகை தெரிந்த கணத்தில் வாசிப்பு நின்றுவிடுகிறது.

இது உமக்கு மட்டும் உள்ள குறை என்று நினைக்க வேண்டாம். 1981இல் எரிக்சன், மற்சன் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. "மோசே தன் பேழையில் ஒவ்வொரு வகை விலங்கிலும் எத்தனை ஏற்றினார்?" என்று கேட்டார்கள். பெரும்பாலானோர் இரண்டு என்றார்கள். பேழை மோசேயினுடையது அல்ல, நோவாவினுடையது. அது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். பழகிய கதை, பொருந்துகிற மாதிரியான பெயர். மனம் சரிபார்க்காமல் கடந்துவிடுகிறது. ஆகவே "இன்னும் கவனமாக இருப்பேன்" என்று நீர் எனக்கு வாக்குக் கொடுத்தால் நான் அதை நம்பப் போவதில்லை. கைக்கு ஒரு வேலை கொடுத்தால்தான் கண் நிற்கும்.

அந்த வேலை இது. வினாவை வாசிக்கும்போது இடது கையால் விடைகளை மூடிக்கொள்ளும். வினாவின் கடைசி இரண்டு மூன்று சொற்களுக்கு மட்டும் பென்சிலால் கீறும். கேட்பது என்ன என்பதை ஓரத்தில் மிகச் சுருக்கமாக எழுதும்: "தவிர", "கட்டாயம்", "சிவத்துக்கு". பிறகு செய்யும். விடை வந்ததும் அதைக் கீறிய சொற்களோடு சேர்த்து ஒரு முழு வாக்கியமாக மனதுக்குள் சொல்லும். "குமரனைத் தவிர 22 பேர் நிற்கிறார்கள்" என்று சொல்லிப்பார்த்தால் நாக்கு இடறும். இடறாவிட்டால் கையை எடுத்து, விடையைத் தேடி அடையாளமிடும்.

இதற்கு ஒரு வினாவுக்கு 8 செக்கன் போகும் என்று வையும். 50 வினாக்களுக்கு 400 செக்கன், ஏழு நிமிடத்துக்கும் குறைவு. உம்மிடம் 13 நிமிடங்கள் சும்மா கிடந்தன. அந்த நேரத்தில் வினாத்தாளை முதலிலிருந்து திரும்ப வாசித்திருக்கலாமே என்று கேட்பீர். அது பெரிதாக உதவாது. விடை போட்டுவிட்ட வினாவைத் திரும்ப வாசிக்கும் கண், முன்பு என்ன வாசித்ததோ அதையே திரும்பவும் காணும். முதல் வாசிப்பில்தான் நேரத்தைச் செலவிட வேண்டும்.

மிச்சம் நான்கு பிழைகள். அவற்றில் ஒன்று விடைத்தாளில் 31இன் விடையை 32இல் போட்டது. அதைப் பெரிதுபடுத்த மாட்டேன். ஐந்து வினாக்களுக்கு ஒருமுறை இலக்கத்தை ஒப்பிட்டால் போதும். மற்ற மூன்றும் வேறு சாதி. வினாவில் இருப்பதை விட்டதல்ல, இல்லாததைச் சேர்த்தது. 23ஆம் வினா: "எல்லா ஆசிரியர்களும் பட்டதாரிகள். சில பட்டதாரிகள் விவசாயிகள். இக்கூற்றுகளிலிருந்து மட்டும் பெறக்கூடிய முடிவு எது?" நீர் தெரிவுசெய்தது, சில ஆசிரியர்கள் விவசாயிகள் என்பது. ஏன் என்று கேட்டேன். "பெரியப்பா வாத்தியார்தானே, வெங்காயமும் வைக்கிறார்" என்றீர்.

உமது பெரியப்பா வெங்காயம் வைப்பது உண்மை. யாழ்ப்பாணத்தில் காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துவிட்டுப் பாடசாலைக்குப் போன ஆசிரியர்களை நானும் கண்டிருக்கிறேன். ஆனால் அந்த இரண்டு கூற்றுகளும் உமது பெரியப்பாவை அறியா. விவசாயிகளாக இருக்கும் அந்தச் சில பட்டதாரிகள் எல்லோரும் ஆசிரியர் அல்லாதவர்களாகவே இருந்தாலும் இரண்டு கூற்றுகளும் உண்மையாகவே நிற்கும். ஆகவே அந்த முடிவு பெறப்படாது. "மட்டும்" என்ற சொல்லுக்கு அங்கே அவ்வளவு வேலை. அதைக் கண்டால், ஆசிரியர் என்ற சொல்லை அழித்துவிட்டு க என்றும், பட்டதாரிக்கு ச என்றும், விவசாயிக்கு ட என்றும் போட்டுக்கொள்ளும். க எல்லாம் ச, சில ச ட என்று எழுதினால் அங்கே பெரியப்பா வர மாட்டார்.

எல்லாச் சொல்லுக்கும் கோடு கீற வேண்டாம். நீர் நான்காவது வினாத்தாளில் அதையும் செய்து பார்த்திருக்கிறீர். தாள் முழுக்க மஞ்சள். எல்லாம் மஞ்சளாக இருந்தால் ஒன்றும் மஞ்சள் இல்லை.

அடுத்த சனிக்கிழமை வரும்போது, நீர் செய்த வினாத்தாள்களில் மூன்றாவதைத் தவிர மற்றவற்றை எடுத்துவாரும்.

அன்புடன்,
உமது ஆசிரியர்

*

சனிக்கிழமை வந்தார். சைக்கிளில் மாட்டியிருந்த பையிலிருந்து ஐந்து வினாத்தாள்களையும் எடுத்து மேசையில் வைத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கடிதத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். கடைசி வரியை வாசித்துவிட்டு, சிரிக்காமல், மூன்றாவதை உருவித் திரும்பப் பைக்குள் வைத்தார்.

மற்ற நான்கையும் அன்று முழுவதும் இருந்து பார்த்தோம். ஒவ்வொரு பிழைக்கும் பக்கத்தில், அந்த விடை எந்த வினாவுக்குச் சரியாக இருந்திருக்கும் என்று அவரே எழுதினார். முதல் பத்துக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தார். பிறகு, வினா எது என்று கண்டுபிடித்ததும், "இவருக்காகத்தான் இந்த விடையை வைத்திருக்கிறீர்கள்" என்று என்னைக் குற்றம் சொல்லத் தொடங்கினார். எனக்கு அது பிடித்திருந்தது.

ஆறாவது வினாத்தாளில் 32 எடுத்தார். முன்பு எடுத்தவை எல்லாவற்றையும் விடக் குறைவு. அவர் சோர்ந்துபோனார், நானும் கொஞ்சம் தடுமாறினேன். தாளைப் பார்த்ததும் காரணம் தெரிந்தது. கடைசி ஏழு வினாக்களை அவர் தொடவே இல்லை. உருவத் தொடர்களுக்கும் எண் தொடர்களுக்கும் கூட வாலைக் கீறி, ஓரத்தில் எழுதி, வாக்கியமாகச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார். "அடுத்து வரும் உரு எது" என்பதில் கீறுவதற்கு என்ன இருக்கிறது? நான் கடிதத்தில் எல்லா வினாக்களுக்கும் 8 செக்கன் என்று கணக்குப் போட்டது என் பிழை. அதுவும் போதாமல் அவருக்கு ஆரம்பத்தில் ஒரு வினாவுக்கு அரை நிமிடம் வரை போயிருக்கிறது. சொற்களால் அமைந்த வினாக்களுக்கு மட்டும் இந்த முறை என்று திருத்தினோம். தொடர்களில் "பொருந்தாத" என்ற சொல் வந்தால் மட்டும் ஒரு வட்டம்.

ஏழாவதில் 39, எட்டாவதில் 41. எட்டாவதை முடிக்க 58 நிமிடங்கள் எடுத்தார். அதில் போன ஒன்பதில் வாசிப்புப் பிழை இரண்டு. மிச்சம் ஏழும் அவருக்கு இன்னும் வசப்படாத வகைகள். அவற்றுக்கு இந்தக் கடிதம் மருந்தல்ல. களைத்திருக்கும் நாட்களில் பழைய ஓட்டம் திரும்ப வருகிறது என்பதையும் சொல்லவேண்டும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் இரவு கண்விழித்துவிட்டு வந்து செய்த ஓர் அரை வினாத்தாளில், வால் கீறியிருந்தது, ஓரத்தில் "அல்லாதது" என்றும் எழுதியிருந்தது, விடை மட்டும் "ஆனது" என்பதற்குரியது.

எட்டாவதில் நான் வாசிப்புப் பிழை என்று எண்ணியது முதலில் மூன்று. மூன்றாவதுக்கு அவர் ஓரத்தில் குறிப்பு எழுதியிருந்தார். வினா இது: "எல்லா மாணவரும் சித்தியடையவில்லை. இதிலிருந்து பெறக்கூடியது எது?" நான் எதிர்பார்த்த விடை, ஒருவராவது சித்தியடையவில்லை, மற்றவர்களைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது என்பது. அவர் போட்டது, ஒருவரும் சித்தியடையவில்லை என்பது. ஓரத்தில் சின்ன எழுத்தில்: "எல்லோரும் வரவில்லை என்றால் ஒருவரும் வரவில்லை என்றும் பொருள், சிலர் வரவில்லை என்றும் பொருள். விடைகளில் இரண்டும் இருக்கின்றன. எதை எடுப்பது?"

இரண்டு முறை வாசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. இப்படி ஒரு வாக்கியம் வந்தால் விடைகளைப் பார்த்து, எந்தப் பொருளுக்கு மட்டும் விடை இருக்கிறதோ அதை எடுக்கும்படிதான் நான் வகுப்பில் சொல்வேன். இங்கே நான் இரண்டு பொருளுக்கும் விடை வைத்திருந்தேன். அவருடைய 40ஐ 41 ஆக்கிவிட்டு, அந்த வினாவை என் கோவையிலும் வெட்டினேன். அதன் இடத்தில் "மாணவருள் எல்லோரும் சித்தியடைந்தனர் என்பது பொய்" என்று எழுதியிருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை அதை முதலில் அவரிடம்தான் கொடுக்கப் போகிறேன்.